பிராண்டு மாறும்போது எந்தப் பக்கம் போவது: ஐபோனா, வேறொரு ஆண்ட்ராய்டா?

ஐந்து ஆண்டுகளாகச் சாம்சங் போன் ஒன்றைப் பயன்படுத்திவரும் ஒருவர் இனி வேறு நிறுவனத்துக்கு மாறுவதென்று முடிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வாட்ஸ்அப்பில் 40 ஜிபி அளவுக்கு உரையாடல்களும் படங்களும் சேர்ந்திருக்கின்றன. சாம்சங் நோட்ஸில் பல ஆண்டுக் குறிப்புகள் உள்ளன. மணிக்கட்டில் கேலக்ஸி வாட்ச் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் சில உண்டு. வங்கிச் செயலிகளும், இருபடிச் சரிபார்ப்புக்கான குறியீட்டுச் செயலியும் அதே போனில்தான் இயங்குகின்றன. அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: ஐபோனுக்கு மாறலாம், கூகுளின் பிக்சல் போல நீண்ட காலப் புதுப்பிப்பை உறுதியளிக்கும் வேறொரு ஆண்ட்ராய்டு போனுக்கு மாறலாம், அல்லது விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்றை வாங்கி, மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் யோசிக்கலாம்.

கேமரா, திரையின் பளபளப்பு, சிப்பின் வேகம் ஆகியவற்றை இக்கட்டுரை தொடப்போவதில்லை. அவற்றைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வாங்கிய பிறகு மட்டுமே தெரியவருபவை வேறு: எது புதிய போனுக்கு வந்து சேரும், எது வராது, எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக இயங்கும், உடைந்தால் எவ்வளவு செலவாகும். மாறுவதா வேண்டாமா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன என்பது என் கருத்து. இவற்றிலும் தரவு மாற்றத்துக்கே முதலிடம் தருவேன். மற்றவற்றில் தவறினால் பணம் செலவாகும். இதில் தவறினால் போனது திரும்பக் கிடைக்காமலே போகக்கூடும்.

தரவு மாற்றம்

ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுவதை எல்லோரும் எளிது என்பார்கள். கூகுள் கணக்கில் இருப்பவற்றைப் பொறுத்தவரை அது உண்மைதான். தொடர்புகள், நாட்காட்டி, மின்னஞ்சல், கூகுள் போட்டோஸ் படங்கள், பிளே ஸ்டோரில் வாங்கிய செயலிகள் எல்லாம் புதிய போனில் உள்நுழைந்தவுடன் வந்துவிடுகின்றன. ஆனால் நிறுவனத்தின் சொந்தச் செயலிகளில் சேர்ந்தவை அப்படி வருவதில்லை. சாம்சங் நோட்ஸ் மற்ற நிறுவனப் போன்களுக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே குறிப்புகளைப் பிடிஎஃப் அல்லது வேர்டு கோப்பாக ஏற்றுமதி செய்து எடுத்துச் செல்ல வேண்டும். பாதுகாப்புக் கோப்புறையில் பூட்டி வைத்த படங்களையும் ஆவணங்களையும், பழைய போன் நல்ல நிலையில் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். சாம்சங் பாஸில் சேமித்த கடவுச்சொற்களுக்கும் இதே கதிதான். "ஆண்ட்ராய்டுதானே" என்று அலட்சியமாக மாறுபவர்கள் இழப்பது பெரும்பாலும் இவற்றையே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தொடர்புகள் அனைத்தும் கூகுள் கணக்கில்தான் இருக்கின்றன என்று நம்புகிறோம். உண்மையில் அவற்றுள் ஒரு பகுதி 'போன்' அல்லது 'சிம்' என்ற இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். தொடர்புச் செயலியில் கணக்குவாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். போனிலும் சிம்மிலும் இருப்பவற்றைக் கூகுள் கணக்குக்கு நகர்த்திவிட்டால், எந்தப் பக்கம் மாறினாலும் அவை கூடவே வரும்.

ஐபோனுக்கு மாறுவதில் கடினமான பகுதி வாட்ஸ்அப். அதன் காப்புப் பிரதி ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடிலும் சேமிக்கப்படுகிறது. ஒன்றை மற்றொன்று படிக்காது. கூகுளில் நேற்றிரவுதான் முழுக் காப்புப் பிரதி எடுத்தேன் என்று நிம்மதியாக இருந்தாலும், ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவும்போது அது எந்த வகையிலும் உதவாது. 2022 முதல் இதற்கு அதிகாரபூர்வமான வழி ஒன்று இருக்கிறது: ஆப்பிள் நிறுவனமே ஆண்ட்ராய்டுக்காக வெளியிட்டிருக்கும் Move to iOS என்ற செயலி. நிபந்தனைகள் மட்டும் கறாரானவை. ஐபோன் புதிதாக இருக்க வேண்டும் அல்லது முழுவதும் அழிக்கப்பட்டு ஆரம்ப நிலையில் இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே தொலைபேசி எண் இருக்க வேண்டும். இரண்டும் மின்னேற்றியில் இணைந்திருக்க வேண்டும். ஒரே வைஃபையிலோ, ஐபோன் உருவாக்கும் ஹாட்ஸ்பாட்டிலோ இருக்க வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. புது ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்த ஆர்வத்தில் அதை முழுவதும் அமைத்து, செயலிகளை நிறுவி, இரண்டு நாட்கள் பயன்படுத்திய பிறகுதான் "வாட்ஸ்அப் பழைய செய்திகள் எங்கே?" என்ற கேள்வி எழுகிறது. அப்போது போனை மீண்டும் அழித்து முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர அதிகாரபூர்வ வழி இல்லை. அந்த இரண்டு நாட்களில் ஐபோனில் சேர்ந்த உரையாடல்களைப் பழையவற்றோடு ஒன்றாகச் சேர்க்கவும் முடியாது. ஆகவே ஐபோனை முதன்முதலில் இயக்கும்போது, தரவை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்கும் திரையில் From Android என்பதைத் தேர்ந்தெடுத்து, அங்கே தோன்றும் குறியீட்டை ஆண்ட்ராய்டு போனில் உள்ளிட வேண்டும். பிறகு வரும் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தனியாகக் குறிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் தரவைத் தயார்செய்து முடித்ததும் அங்கிருந்து தானாகவே வெளியேறிவிடும். இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. பழைய போனில் உள்ள தரவு நாம் அழிக்கும்வரை அங்கேயே இருக்கும்.

40 ஜிபி போய்ச்சேரப் பல மணி நேரம் ஆகக்கூடும். அதுவரை ஆண்ட்ராய்டில் Move to iOS திரை முன்னால் இருக்க வேண்டும்; வேறு செயலிக்குப் போனாலோ, அழைப்பு வந்தாலோ மாற்றம் நின்றுவிடலாம். மொபைல் டேட்டாவையும், வைஃபை பலவீனமானால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் அமைப்பையும் முன்பே அணைத்துவிடுவது நல்லது. மாற்றம் பாதியில் அறுபடுவதற்கு இவை அடிக்கடி காரணமாகின்றன. அதைவிடப் பயனுள்ள முன்னேற்பாடு, அந்த 40 ஜிபியையே குறைப்பதுதான். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கம் பெரிய கோப்புகளையும், பலமுறை முன்னனுப்பப்பட்ட காணொளிகளையும் தனியாகக் காட்டுகிறது. காலை வணக்கப் படங்களையும் திருவிழாக் காணொளிகளையும் களைந்தாலே பாதிக்குமேல் கரைந்துவிடுவதைப் பலரிடம் பார்க்கலாம். இவ்வளவு செய்த பிறகும் அழைப்புப் பதிவுகள் வந்து சேரா. செய்திகளும் படங்களும் குழுக்களும் வந்து சேரும்.

எதிர்த்திசையில், அதாவது ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருபவருக்கும் இதே தன்மையுடைய வழி 2021இலிருந்து இருக்கிறது. அது முதலில் சாம்சங்கில் வந்தது. பிறகு பிக்சலுக்கும், ஆண்ட்ராய்டு 12உடன் வெளியாகும் போன்களுக்கும் விரிந்தது. இரண்டையும் கம்பியால் இணைத்து, புதிய போனை ஆரம்பத்தில் அமைக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. ஐபோனை விட்டு விலகுபவர் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜையும் அணைத்தாக வேண்டும். அணைக்காவிட்டால், மற்ற ஐபோன் பயனர்கள் அனுப்பும் செய்திகள் ஆப்பிளின் வழியிலேயே போய், இவருக்கு வராமல் நின்றுவிடலாம். பழைய ஐபோன் கையில் இல்லாதவர்கள் எண்ணை நீக்கிக்கொள்ள ஆப்பிள் தனிப் பக்கம் ஒன்றை வைத்திருக்கிறது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வாட்ஸ்அப்பை மாற்றுவது இவற்றோடு ஒப்பிட்டால் மிக எளிது. கூகுள் காப்புப் பிரதியிலிருந்து மீட்கலாம். 2023இல் வந்த வசதிப்படி, ஒரு போனின் கியூஆர் குறியீட்டை மற்றொன்றால் படித்து நேரடியாகவும் மாற்றிக்கொள்ளலாம். காப்புப் பிரதி வழியில் ஒரேயொரு தடை: முன்பு கணக்கில் சேராமல் இலவசமாக இருந்த வாட்ஸ்அப் காப்புப் பிரதி, 2024இலிருந்து கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்துக்குள்ளேயே எண்ணப்படுகிறது. நம் எடுத்துக்காட்டில் உள்ளவரின் 40 ஜிபி அதில் அடங்காது. ஆகவே அவருக்கு நேரடி மாற்றமே ஏற்றது. ஐகிளவுடின் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே என்பதால், ஐபோனுக்குப் போன பிறகு தொடர்ந்து காப்புப் பிரதி வைத்திருக்க மாதக் கட்டணம் ஒன்று சேரும் என்பதையும் அவர் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டெலிகிராமுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அதன் உரையாடல்கள் நிறுவனத்தின் சேவையகத்திலேயே இருப்பதால், இரகசிய உரையாடல்கள் நீங்கலாக, உள்நுழைந்தவுடன் எல்லாம் தெரிகின்றன.

படங்களைப் பொறுத்தவரை நான் ஒன்றே சொல்வேன்: கூகுள் போட்டோஸில் இருப்பவை அங்கேயே இருக்கட்டும். அந்தச் செயலி ஐபோனிலும் இயங்குகிறது. மாறும் நாளிலேயே பல்லாயிரம் படங்களை ஐகிளவுடுக்கும் நகர்த்த முயல்வது, முடிக்க வேண்டிய மற்ற வேலைகளையும் சேர்த்துக் குழப்பிவிடும்.

குறியீட்டுச் செயலியும் வங்கிச் செயலிகளும் வேறு வகை. கூகுள் ஆதென்டிகேட்டர் இரு பக்கத்திலும் உண்டு; அதன் கணக்குகளைக் கியூஆர் குறியீடு வழியாக ஏற்றுமதி செய்யலாம், அல்லது கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கலாம். வங்கிச் செயலிகளோ பெரும்பாலும் குறிப்பிட்ட போனோடு பிணைக்கப்பட்டவை. எந்தப் போனுக்கு மாறினாலும் மறுபதிவு செய்தாக வேண்டும், அதற்குச் சிம்முக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் தேவைப்படும். ஆகவே இந்த விஷயத்தில் மூன்று வழிகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. எல்லா வங்கிச் செயலிகளும் புதிய போனில் திறக்கின்றன என்பது உறுதியாகும்வரை பழைய போனை அழிக்கக் கூடாது என்பது மட்டுமே விதி.

செயலிகள் கிடைப்பது

ஒரு செயலி இரு பக்கத்திலும் இருக்கிறதா என்று கேட்பது இன்று போதுமான கேள்வி அல்ல. பரவலாகப் பயன்படும் செயலிகளில் பெரும்பாலானவை இரண்டிலும் இருக்கின்றன. வாங்கியது கூட வருமா, சந்தா எங்கே கட்டப்படுகிறது, போனோடு இணைந்த கருவி வேலை செய்யுமா என்பவையே உண்மையான கேள்விகள்.

பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய செயலி ஆப் ஸ்டோரில் மீண்டும் காசு கேட்கும். இரண்டும் தனித்தனிக் கடைகள். ஒன்றின் ரசீதை மற்றொன்று ஏற்காது. ஒரு சேவையின் இணையதளத்திலேயே நேரடியாகக் கட்டிய சந்தா எங்கும் செல்லுபடியாகும். ஆனால் கடையின் வழியாகக் கட்டிய சந்தாவை அந்தக் கடைக் கணக்கிலேயே நிறுத்த வேண்டும். போனை மாற்றியதால் அது தானாக நிற்பதில்லை. போனை விற்ற பிறகும் மாதாமாதம் பணம் கழிந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. விளையாட்டுகளில் சேர்த்த நிலைகளும் அப்படியே: பிளே கேம்ஸோடு மட்டும் இணைந்திருப்பவை ஐபோனுக்கு வரமாட்டா. விளையாட்டு நிறுவனத்தின் சொந்தக் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால் மட்டுமே வரும்.

கருவிகளில் இழப்பு இன்னும் கூர்மையானது. 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல், அந்த வரிசைக் கைக்கடிகாரங்கள் ஐபோனோடு வேலை செய்வதில்லை. ஆப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் அமைக்கவே முடியாதது. நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் ஐபோனுக்கு மாறினால் கைக்கடிகாரத்தையும் மாற்ற வேண்டும். பிக்சலுக்கு மாறினால் அதே கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம், சாம்சங் போனில் மட்டும் கிடைக்கும் சில வசதிகள் குறையும், அவ்வளவுதான். காதில் அணியும் புளூடூத் கருவிகள் எந்தப் பக்கமும் பாட்டு கேட்கவும் பேசவும் உதவும் என்பதால் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

குறுஞ்செய்திகளைப் படித்துச் செலவுக் கணக்கு எழுதும் செயலி, அழைப்புப் பதிவுகளைச் சேமிக்கும் செயலி, போனின் நடத்தையையே தானியங்கியாக மாற்றும் செயலி ஆகியவற்றை நம்பியிருப்பவர்கள் ஐபோனில் அவற்றுக்கு மாற்று தேடி ஏமாறுவார்கள். பிற செயலிகள் குறுஞ்செய்திப் பெட்டியையும் அழைப்புப் பதிவையும் படிக்க ஐபோன் இடம் தருவதில்லை. பாதுகாப்பு நோக்கில் இது நல்லதே. பழகிய வசதி போய்விடும் என்பதும் உண்மையே.

செயலிகள் கிடைப்பதை மட்டும் வைத்தே ஒரு வழியை நிராகரிக்க வேண்டிய இடமும் உண்டு. 2019 மே மாதத்தில் அமெரிக்கத் தடைப் பட்டியலில் சேர்ந்த பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மேட் 30 முதலாக ஹுவாவெயின் புதிய போன்கள் கூகுள் சேவைகள் இல்லாமல் வெளிவந்தன. அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட் என்ற இயங்குதளம் ஆண்ட்ராய்டு செயலிகளை நேரடியாக இயக்குவதே இல்லை. வன்பொருள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், தன் வங்கிச் செயலி அதில் இயங்குகிறதா என்று நேரில் பார்க்காமல் இந்தப் பக்கம் போகக் கூடாது. பிரபலமான செயலிகள் கைவிட்ட ஒரு தளம் என்ன ஆகும் என்பதை விண்டோஸ் போன் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள்: மைக்ரோசாஃப்டின் அந்தத் தளத்தில் 2019 டிசம்பரின் கடைசி நாளோடு வாட்ஸ்அப்பும் நின்றுபோனது.

புதுப்பிப்புகள்

விளம்பரத்தில் "ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு" என்று இருப்பதை, வாங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் என்று பலர் எடுத்துக்கொள்கின்றனர். கணக்கு தொடங்குவது அந்த மாடல் வெளியான நாளில். கூகுள் இந்த வாக்குறுதியை முதலில் அளித்தது 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8க்கு. அது 2030 அக்டோபரோடு முடிகிறது. விலை குறைந்திருக்கிறதே என்று 2026இன் இறுதியில் அதை வாங்குபவர் நான்கு ஆண்டுகளையே வாங்குகிறார். சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசையோடு அதே ஏழு ஆண்டுகளை அறிவித்தது. ஆனால் அதே நிறுவனத்தின் மலிவான மாடல்களுக்குக் காலம் குறைவு. ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல் மாடலின் பெயரைப் பார்க்க வேண்டும்.

ஆப்பிள் எழுத்தில் சொல்வது குறைவு, செய்வது அதிகம். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் 2024இன் ஐஓஎஸ் 18 வரை புதுப்பிப்புகளைப் பெற்றது. 2025இல் வந்த அடுத்த பதிப்பில்தான் விடுபட்டது. பிரிட்டனின் சட்டப்படி அந்நிறுவனம் ஐபோன் 15 புரோ மேக்ஸுக்கு எழுதிக்கொடுத்த உறுதியோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் மட்டுமே. கடந்த கால நடைமுறையை நம்புவதா, எழுத்துபூர்வமான வாக்குறுதியை நம்புவதா என்பது அவரவர் மனப்போக்கு. என்னைக் கேட்டால், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் புதுப்பித்துக் காட்டியவரின் மௌனத்துக்கும், ஏழு ஆண்டுகளை இன்னும் முழுமையாக நிறைவேற்றிக் காட்டாதவரின் எழுத்துக்கும் சம எடை தருவேன்.

காலம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் இரண்டு பக்கமும் வேறுபடுகின்றன. இதைப் பெரும்பாலான ஒப்பீடுகள் விட்டுவிடுகின்றன. ஆண்ட்ராய்டில் குரோம் உலாவியும், செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதியும் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8க்கான ஆதரவைக் குரோம் 2025இல்தான் நிறுத்தியது. ஐபோனில் உலாவியின் இயந்திரம் இயங்குதளத்தோடு ஒட்டியிருப்பதால், இயங்குதளப் புதுப்பிப்பு நின்றால் உலாவியும் அங்கேயே நின்றுவிடுகிறது. செயலிகளிலும் இதே போக்கைக் காணலாம். 2025 மே மாதத்திலிருந்து வாட்ஸ்அப் ஐஓஎஸ் 15.1க்குக் கீழே இயங்குவதில்லை. அதனால் ஐபோன் 6 வெளியேறியது. ஆண்ட்ராய்டில் அதே ஆண்டு ஜனவரியில் விலக்கப்பட்டது 2013இன் ஆண்ட்ராய்டு 4.4. ஆனால் பழைய ஆண்ட்ராய்டு போன் 'இயங்குகிறது' என்பதற்கும் 'பாதுகாப்பாக இருக்கிறது' என்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அடிப்படை மென்பொருளின் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். எத்தனை மாதம் பின்தங்கியிருக்கிறது என்பதைப் போனின் அமைப்புகளில் உள்ள பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியே காட்டிவிடும். பழைய மாடல் ஒன்றை வாங்கும் முன் கடையிலேயே அதைத் திறந்து பார்க்கலாம்.

புதுப்பிப்பு எப்போதும் நன்மையாகவே வரும் என்றும் இல்லை. பேட்டரி தேய்ந்த ஐபோன்களை மென்பொருள் வழியாக மெதுவாக்கியதை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு குறைந்த கட்டணத்தில் பேட்டரி மாற்றிக்கொடுத்தது. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போனுக்கு வந்த புதுப்பிப்பு, பல போன்களில் பேட்டரி நிற்கும் நேரத்தைக் குறைத்தது. இவ்விரண்டிலும் பிரச்சினை பேட்டரியிலிருந்தே பிறந்தது. ஆகவே நீண்ட காலப் புதுப்பிப்பை நம்பி வாங்குபவர், நடுவில் ஒரு முறையாவது பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்தே வாங்குகிறார்.

பழுதுபார்ப்புச் செலவு

போனில் பெரும்பாலும் பழுதாவது இரண்டு: திரை, பேட்டரி. பேட்டரி தேயும் என்பது நிச்சயம், செலவும் சிறியது. திரை உடையுமா என்பது தெரியாது, உடைந்தால் செலவு பெரியது. விலை உயர்ந்த போன்களின் அசல் ஓலெட் திரையை மாற்ற, போனின் புது விலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஆவது அரிதல்ல. மூன்று ஆண்டுப் பழைய போனில் அதே தொகை அந்தப் போனின் விற்பனை மதிப்பை மிஞ்சிவிடலாம். ஆகவே வாங்கும் முன், அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு நிறுவனத்தின் சேவை மையம் திரைக்கும் பேட்டரிக்கும் எவ்வளவு கேட்கிறது என்று விசாரித்து எழுதிக்கொள்வதே முதல் வேலை.

ஐபோனில் மூன்றாம் தரப்புக் கடையில் மலிவாக மாற்றுவதற்கு வரம்புகள் உண்டு. முக்கியமான பாகங்கள் அந்தந்தப் போனின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டவை. அசல் அல்லாத திரையையோ பேட்டரியையோ பொருத்தினால், அமைப்புகளில் பாகங்களின் வரலாற்றுப் பகுதியில் அது அறியப்படாத பாகம் என்று காட்டப்படும். பேட்டரியின் நிலையைக் காட்டும் விவரங்களும் மறைந்துபோகலாம். இரண்டாம் கை ஐபோன் வாங்குபவருக்கு அந்தப் பகுதியே நல்ல சோதனை. பின்புறக் கண்ணாடியிலும் மாடலுக்கு மாடல் வேறுபாடு இருக்கிறது: ஐபோன் 14இல் அது தனியாகக் கழற்றும்படி மாற்றியமைக்கப்பட்டது, அதற்கு முந்தைய சில தலைமுறைகளில் அது சட்டத்தோடு இறுகப் பிணைந்திருந்ததால் மாற்றுவது கடினமாகவும் செலவாகவும் இருந்தது.

ஆண்ட்ராய்டில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. பரவலாக விற்கும் மாடல்களுக்கு வெளிக்கடைகளில் பாகங்கள் எளிதில் கிடைக்கும். ஒரு நாட்டில் குறைவாகவே விற்கும் மாடலுக்குத் திரை வாரக்கணக்கில் வராமல் போகலாம். கூகுளும் சாம்சங்கும் 2022 முதல் சில நாடுகளில் அசல் பாகங்களைப் பொதுமக்களுக்கும் விற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, விற்பனை முடிந்த பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சந்தையில் விற்கப்படும் மாடலைத் தேர்ந்தெடுப்பது மற்ற இடங்களில் உள்ளவர்களுக்கும் ஓரளவு உதவும் என்று எதிர்பார்க்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்குத் திரும்புவோம். நீண்ட காலப் புதுப்பிப்புள்ள ஆண்ட்ராய்டின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் எல்லாம் கணக்கு முறையைக் காட்டுவதற்கான ஊகங்களே. தன் ஊரின் விலைகளை அவரவர் இட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஆண்ட்ராய்டை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கிறார். பேட்டரிக்கு 10, ஒரு முறை திரை உடைந்தால் 30, கடைசியில் விற்றுக் கிடைப்பது 15. நிகரச் செலவு 125, ஆண்டுக்கு 25. ஐபோனின் விலை 130. பேட்டரி 14, திரை 40, மீண்டும் வாங்க வேண்டிய செயலிகள் 6. மறுவிற்பனையில் 35 திரும்பக் கிடைக்கிறது. நிகரம் 155, ஆண்டுக்கு 31. ஆனால் அவருக்குக் கைக்கடிகாரமும் வேண்டும். அதற்கு 35 சேர்த்தால் 190, ஆண்டுக்கு 38. விலை குறைந்த ஆண்ட்ராய்டு 45, திரை 20, மறுவிற்பனை 5. மூன்று ஆண்டுகளில் நிகரம் 60, ஆண்டுக்கு 20.

திரை உடையவே இல்லை என்றால் இந்த எண்கள் மாறுகின்றன: நீண்ட கால ஆண்ட்ராய்டுக்கு ஆண்டுக்கு 19, கைக்கடிகாரம் இல்லாத ஐபோனுக்கு 23. இரண்டுக்கும் இடையிலான தூரம் ஆறிலிருந்து நான்காகக் குறைகிறது. ஐபோனின் மறுவிற்பனை மதிப்பு அதன் அதிக விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. அதாவது, கைக்கடிகாரம் போன்ற துணைக்கருவி இல்லாதவர்களும், போனைப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் ஐபோனின் விலையைப் பார்த்து மட்டும் பின்வாங்க வேண்டியதில்லை. துணைக்கருவி உள்ளவர்களுக்குப் போன் விலையைவிட அந்தக் கருவியே மாறும் செலவைத் தீர்மானிக்கிறது. மலிவான போன் ஆண்டுக்கணக்கில் எப்போதும் குறைவாகவே வரும். ஆனால் அதற்குரிய புதுப்பிப்புக் காலம் முடிந்ததும் முன்பு விவரித்த தரவு மாற்றத்தையெல்லாம் மீண்டும் ஒரு முறை செய்தாக வேண்டும்.

இந்த ஒருவருக்கு என் பரிந்துரை இரண்டாவது வழிதான்: அண்மையில் வெளியான, ஏழு ஆண்டு வாக்குறுதி உள்ள வேறொரு ஆண்ட்ராய்டு. வாட்ஸ்அப்பை நேரடியாக மாற்றலாம், கைக்கடிகாரம் தொடரும், வாங்கிய செயலிகள் வந்துவிடும். சாம்சங் நோட்ஸை ஏற்றுமதி செய்யும் ஒரு மாலை நேர வேலை மட்டுமே கூடுதல். கைக்கடிகாரம் இல்லாமல், குடும்பத்தில் மற்ற அனைவரும் ஐபோன் வைத்திருந்து, வாட்ஸ்அப்பை முதல் நாளே முறையாக மாற்றத் தயாராக இருப்பவருக்கு என் விடை மாறும். மூன்றாவது வழியை, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்தப் பக்கம் நிலையாகத் தங்குவது என்று தெரியாதவருக்கு மட்டுமே சொல்வேன்.

எந்த வழியானாலும், பழைய போனைக் குறைந்தது ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. மறந்துபோன ஒரு செயலியின் உள்நுழைவு, ஏதோ ஒரு கோப்புறையில் கிடக்கும் ஆவணம் ஆகியவை பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் நினைவுக்கு வரும். விற்கும் முன் அமைப்புகளில் கூகுள் கணக்கையும் சாம்சங் கணக்கையும் நீக்கிவிட்டு, அதன் பிறகு அங்கிருந்தே போனை ஆரம்ப நிலைக்கு மாற்ற வேண்டும். கணக்கை நீக்காமல் வேறு வழியில் அழித்தால், திருட்டைத் தடுக்கும் பூட்டு விழித்துக்கொண்டு வாங்கியவரிடம் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஐபோனை விற்பவர் அதேபோல ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். பூட்டு நீங்காத போனுக்கு யாரும் முழு விலை தரமாட்டார்கள்.